இன்டர்வியூ பதில்களுக்கு வடிவம் தெரிந்த பிறகும் எங்கே இடறுகிறது?

கேள்வி: "அடிக்கடி கேட்கப்படும் 10 இன்டர்வியூ கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் எளிய பதில் வடிவம் என்று ஸ்லைடு ஸ்லைடாகப் போட்டிருந்ததை அப்படியே மனப்பாடம் செய்தேன். சூழல், பொறுப்பு, செயல், விளைவு எல்லாம் வரிசையாகச் சொன்னேன். ஆனால் 'சரி, அதில் நீங்க என்ன பண்ணீங்க?' என்று குறுக்கே கேட்டதும் நின்றுவிட்டேன். இரண்டு இடத்திலும் இதேதான். வடிவம் சரியில்லையா, நான் சொன்ன விதம் சரியில்லையா?"

வடிவம் சரிதான். உங்களிடம் கேட்கப்பட்ட அந்தக் குறுக்குக் கேள்வியே என்ன குறைந்தது என்பதையும் சொல்லிவிடுகிறது. 'நீங்க என்ன பண்ணீங்க' என்று ஒருவர் கேட்டால், மூன்றாவது பகுதியான செயல் அவர் காதில் விழவில்லை என்று பொருள். 'அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டால் விளைவு விழவில்லை. 'இது எந்த வேலையில், உங்க பொறுப்பு என்னவா இருந்துச்சு?' என்று கேட்டால் சூழலும் பொறுப்பும் தெளிவாகவில்லை. ஆள் எடுக்கும் பேனலில் பல வருடங்களாக உட்கார்ந்து வருகிறேன். வருகிறவர்களைத் திணறடிக்க வேண்டும் என்று குறுக்குக் கேள்வி கேட்பவர்கள் குறைவு. முன்னால் இருக்கிற தாளில் எழுதுவதற்கு ஏதும் கிடைக்காதபோதுதான் பெரும்பாலும் கேட்கிறார்கள்.

அந்தத் தாளைப் பற்றித் தெரிந்தால் வடிவம் எதற்கு என்பது விளங்கும். முறையாக நடக்கிற இன்டர்வியூவில் ஒவ்வொரு கேள்வியும் ஒரு திறனோடு இணைக்கப்பட்டிருக்கும். 'நீங்கள் சந்தித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்' என்பதற்குப் பக்கத்தில் 'சிக்கலின் காரணத்தைக் கண்டறிந்து தீர்த்தல்' என்று இருக்கும். அதன் கீழே 1 முதல் 5 வரை மதிப்பெண், எதற்கு எத்தனை என்ற குறிப்பு. வழக்கமான ஒரு தாளில் சிக்கலை மட்டும் விவரித்தால் 1, அந்த நேரத்துக்கு மட்டும் சரிசெய்திருந்தால் 3, காரணத்தைக் கண்டுபிடித்து மறுபடி வராமல் மாற்றி, மாறியதற்கு ஆதாரமும் சொன்னால் 5 என்பதுபோல இருக்கும். நீங்கள் பேசப் பேச அவர் உங்கள் வார்த்தைகளைக் குறித்துக்கொள்கிறார். நீங்கள் எழுந்து போன பிறகு அந்தக் குறிப்பை வைத்துத்தான் மதிப்பெண் போடுகிறார். நீங்கள் நன்றாகப் பேசினீர்கள் என்பது நினைவில் இருந்தாலும், தாளில் ஒன்றும் இல்லையென்றால் 5 போட அவருக்கு வழியில்லை.

இந்த முறை புதிதல்ல. 'இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்' என்று கேட்கும் முறையை உளவியல் ஆய்வாளர் கேரி லேதமும் அவரோடு சேர்ந்தவர்களும் 1980-ல் ஆய்வாக வெளியிட்டார்கள். 'அப்படி ஒரு நிலை வந்தபோது என்ன செய்தீர்கள்' என்று பழைய நடத்தையைக் கேட்கும் முறையை டாம் ஜான்ஸ் 1982-ல் முன்வைத்தார். எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு ஒரே அளவுகோலில் மதிப்பிடுகிற இன்டர்வியூ, மனம்போன போக்கில் பேசிப் பார்க்கிற இன்டர்வியூவைவிட வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. 1998-ல் ஷ்மிட், ஹன்டர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் பழைய ஆய்வுகளைத் தொகுத்தபோதும் அதுதான் தெரிந்தது. 2022-ல் சாக்கெட் குழுவினர் அதே மாதிரித் தொகுப்பைத் திருத்திக் கணக்கிட்டபோது எண்கள் குறைந்தன, ஆனால் வேலைத்திறனைக் கணிக்கும் வழிகளின் வரிசையில் முறையான இன்டர்வியூதான் முதலிடத்தில் வந்தது. இது முறையைப் பற்றிய உறுதி. நான்கு பகுதிகளாகப் பதில் சொன்னால் வேலை கிடைக்கும் என்பதற்கு இது சான்று ஆகாது. பதிலை அடுக்கிச் சொல்வதால் கேட்பவருக்குக் குறிப்பெடுக்க எளிது, அவ்வளவுதான். குறித்துக்கொள்ள உள்ளே சரக்கு இருக்க வேண்டும்.

ஒரு பதிலை எடுத்துப் பார்ப்போம். கணக்குப் பிரிவில் உதவியாளராக இருந்த ஒருவர் வேறு நிறுவனத்துக்கு இன்டர்வியூ போகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'நீங்கள் சமாளித்த ஒரு சிக்கலைச் சொல்லுங்கள்' என்கிறார்கள். வடிவத்தை மனப்பாடம் செய்தவர் இப்படிச் சொல்வார்: "எங்கள் நிறுவனத்தில் சப்ளையர்களுக்குப் பணம் தாமதமாகப் போய்க்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்வது எங்கள் பொறுப்பாக இருந்தது. நாங்கள் குழுவாகச் சேர்ந்து, சரியாகத் திட்டமிட்டு, கூடுதல் நேரம் உழைத்தோம். அதன் விளைவாகத் தாமதம் வெகுவாகக் குறைந்தது, மேலாளர் பாராட்டினார்."

நான்கு பகுதிகளும் வரிசையாக இருக்கின்றன. ஆனால் இதைக் கேட்டு நான் தாளில் எழுத முடிவது 'பணம் தாமதம்' என்பது மட்டும். 'சரியாகத் திட்டமிட்டு' என்பதை எழுதி என்ன பயன்? என்ன திட்டம்? 'நாங்கள்' என்றால் அதில் இவர் பங்கு எது? 'வெகுவாக' என்றால் எவ்வளவு? உடனே அந்தக் கேள்வி வந்துவிடும்: 'சரி, அதில் நீங்க என்ன பண்ணீங்க?'

அதே ஆள், அதே சம்பவம், கொஞ்சம் யோசித்து வைத்துக்கொண்டு வந்தால் இப்படி வரும்:

"நான் கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைப் பதிவு செய்யும் வேலையில் இருந்தேன். ஒவ்வொரு மாதக் கடைசியிலும் 40 பில் வரை பணம் போகாமல் தேங்கும், சப்ளையர்கள் போன் செய்துகொண்டே இருப்பார்கள். தேக்கத்தைக் குறைக்கும்படி மேலாளர் என்னிடம் சொன்னார். முதலில் போன மாதம் தேங்கிய 40 பில்லையும் எடுத்து, எது எதனால் நின்றது என்று பிரித்தேன். 25 பில்லில் பர்ச்சேஸ் ஆர்டர் எண் இல்லை. 10 பில் தபாலில் ஒருமுறையும் மெயிலில் ஒருமுறையுமாக இரண்டு தடவை வந்து, எது சரி என்று தெரியாமல் நின்றவை. மீதி 5 ஒப்புதலுக்குக் காத்திருந்தன. அதனால் இரண்டு மாற்றம் செய்தேன். ஆர்டர் எண் இல்லாத பில்லை மாதக் கடைசி வரை வைத்திருக்காமல் வந்த அன்றே திருப்பி அனுப்பினேன். எந்த வழியில் வந்தாலும் ஒரே பதிவேட்டில் ஏற்றி, பில் எண்ணைத் தேடிப் பார்த்த பிறகே பதிவு செய்தேன். திருப்பி அனுப்புவதைக் கொள்முதல் பிரிவு மேற்பார்வையாளர் முதலில் ஏற்கவில்லை, தங்களுக்கு வேலை கூடும் என்றார். அந்த 25 பில்களின் பட்டியலைக் காட்டினேன். அதில் பாதிக்கு மேல் மூன்று சப்ளையர்களுடையவை. அந்த மூன்று பேரிடம் மட்டும் ஒரு மாதம் செய்து பார்க்கலாம் என்று ஒப்புக்கொண்டார். அது சரியாக வந்ததும் எல்லாருக்கும் விரித்தோம். இரண்டாவது மாதக் கடைசியில் தேங்கியது 8 பில். அதில் பெரும்பாலானவை ஒப்புதலுக்குக் காத்திருந்தவை, அதை என்னால் மாற்ற முடியவில்லை."

நிதானமாகச் சொன்னால் இரண்டு நிமிடத்துக்குள் முடியும். இதில் சூழலும் பொறுப்பும் முதல் மூன்று வாக்கியங்களில் முடிந்துவிட்டன. விளைவு கடைசி இரண்டு வாக்கியங்கள். நடுவில் உள்ள பெரும்பகுதி முழுக்கச் செயல். மனப்பாடம் செய்கிறவர்கள் நான்கு பகுதிக்கும் சம அளவு நேரம் ஒதுக்குகிறார்கள். சிலர் நிறுவனத்தின் வரலாறு, பிரிவின் அமைப்பு என்று சூழலிலேயே பாதி நேரத்தைக் கழித்துவிடுகிறார்கள். மதிப்பெண் தாளில் உள்ள குறிப்புகளைத் திரும்பப் பாருங்கள், 3-க்கும் 5-க்கும் உள்ள வித்தியாசம் செயலிலும் அதை ஒட்டிய ஆதாரத்திலும்தான் இருக்கிறது. நேரமும் அங்கேதான் போக வேண்டும்.

செயல் என்பதற்குள் மூன்று சங்கதி இருக்கின்றன என்பதையும் கவனியுங்கள். எதைப் பார்த்து முடிவெடுத்தார், என்ன செய்தார், யாராவது தடுத்தபோது அதை எப்படிக் கடந்தார். பலர் நடுவில் உள்ளதை மட்டும் சொல்கிறார்கள். 40 பில்லைப் பிரித்துப் பார்த்தது சொல்லப்படாவிட்டால், 'பதிவேடு வைத்தேன்' என்பது யாரோ சொல்லிச் செய்த வேலையாகவே கேட்கும். மேற்பார்வையாளரின் எதிர்ப்பு சொல்லப்படாவிட்டால் எல்லாம் தானாக நடந்ததுபோல இருக்கும். பேனலில் இருப்பவர்களுக்கும் அலுவலக வேலை தெரியும், எதிர்ப்பே இல்லாமல் ஒரு நடைமுறை மாறியது என்றால் அவர்கள் நம்ப யோசிப்பார்கள்.

'அதை என்னால் மாற்ற முடியவில்லை' என்று முடியும் கடைசி வாக்கியத்தை விட்டுவிடலாமே என்று தோன்றும். விடாதீர்கள். விளைவின் எல்லையைத் தானாகச் சொல்கிறவர் சொல்லும் எண்ணை நான் நம்புவேன். எண்ணே இல்லாத வேலைகளும் உண்டு. அங்கே எண்ணை உருவாக்காமல், மாறியது எப்படித் தெரிந்தது என்று சொன்னால் போதும்: 'அதற்குப் பிறகு அந்தப் புகார் போன் வரவில்லை', 'அடுத்த முறை வேறு பிரிவும் அதே படிவத்தைக் கேட்டு வாங்கியது'. இட்டுக்கட்டிய எண் அடுத்த கேள்வியிலேயே உடைந்துவிடும், ஏனென்றால் அடுத்த கேள்வி 'அந்த எண்ணை எப்படி எடுத்தீங்க?' என்பதுதான்.

இங்கேதான் மனப்பாடம் கைவிடுகிறது. வாக்கியங்களாகப் படித்து வைத்தால், குறுக்கே ஒரு கேள்வி வந்ததும் விட்ட இடம் தெரியாமல் போய்விடும். அதனால் வாக்கியமாக எழுதி வைக்காதீர்கள். ஒரு சின்னத் தாளில் அந்தக் கதைக்கு ஐந்தாறு குறிப்பு மட்டும் எழுதுங்கள்: 40 பில், 25-10-5, அன்றே திருப்பு, ஒரே பதிவேடு, 3 சப்ளையர் ஒரு மாதம், மீதி 8. அதை வைத்துக்கொண்டு வாய்விட்டுச் சொல்லி போனில் பதிவு செய்யுங்கள். ஒவ்வொரு முறையும் வாக்கியம் வேறாக வர வேண்டும், விவரம் அதேயாக இருக்க வேண்டும். பிறகு யாரையாவது உட்கார வைத்து நான்கு கேள்விகளை நடுவில் எங்காவது கேட்கச் சொல்லுங்கள்: ஏன் அதை முதலில் செய்தீர்கள்? வேறு வழி ஏதும் யோசித்தீர்களா? யார் ஒத்துக்கொள்ளவில்லை? மறுபடி செய்தால் எதை மாற்றுவீர்கள்? பேனலில் வரும் குறுக்குக் கேள்விகள் பெரும்பாலும் இந்த நான்கின் வேறு வேறு உருவங்கள்தான். உண்மையாக நடந்த வேலை என்றால் இவற்றுக்குப் பதில் நினைவிலேயே இருக்கும், தேடி எடுத்தால் போதும்.

இப்போது அந்த 10 கேள்விகளுக்கு வருவோம். பத்துக் கேள்விக்குப் பத்துப் பதில் என்று தயார் செய்வது தேவையில்லாத பாரம். இதே பில் கதை எத்தனை கேள்விக்குத் திரும்புகிறது என்று பாருங்கள். 'சக பணியாளரோடு கருத்து வேறுபாடு வந்தபோது?' என்றால் பிரித்துப் பார்த்ததை ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டு, மேற்பார்வையாளர் ஏன் மறுத்தார், அவர் கவலையில் எது நியாயம், எந்தப் பட்டியலை வைத்துப் பேசினேன், எதில் விட்டுக்கொடுத்தேன் என்று அங்கே நேரம் கொடுக்க வேண்டும். எல்லாச் சப்ளையர்களுக்கும் உடனே என்பதை மூன்று பேருக்கு என்று சுருக்கிக்கொண்டதுதான் விட்டுக்கொடுத்தது. 'உங்கள் முயற்சியில் எதையாவது மேம்படுத்தியது உண்டா?' என்றால் இரண்டு மாற்றங்களும் 40-லிருந்து 8 வந்ததும். கதை ஒன்றே, எந்தத் திறனைக் கேட்கிறார்களோ அதற்கேற்ப அழுத்தம் இடம் மாறுகிறது. இப்படி நான்கைந்து கதை இருந்தால் போதும். எந்தக் கதைகள் என்பதை வேலை அறிவிப்பிலிருந்து எடுங்கள். அதில் உள்ள கடமைகளை ஒவ்வொன்றாக அடிக்கோடிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான் செய்த எது பொருந்தும் என்று எழுதினால் கதை எங்கே இல்லை என்பது தெரிந்துவிடும்.

பலவீனம் பற்றிய கேள்வியைத் தனியாகச் சொல்ல வேண்டும், அதில்தான் படித்து வந்த பதில் பட்டவர்த்தனமாகத் தெரிகிறது. 'நான் எதிலும் நூறு சதவீதம் எதிர்பார்ப்பவன்' என்பதைக் கேட்டதும் பேனலில் பேனா ஓடுவதில்லை. இதற்கான வடிவம் மூன்று பகுதி: என்ன குறை, அது எங்கே இடித்தது, இப்போது என்ன செய்கிறேன். நம்முடைய கணக்கு உதவியாளர் இப்படிச் சொல்லலாம்: "உதவி கேட்கத் தாமதிப்பேன். பில் தேக்கத்தில் முதல் இரண்டு வாரம் கொள்முதல் பிரிவிடம் பேசாமல் நானே ஒவ்வொரு ஆர்டர் எண்ணாகத் தேடினேன். அந்த மாதமும் தேக்கம் குறையவில்லை. இப்போது ஒரு வேலை இரண்டு நாளுக்கு மேல் நகரவில்லை என்றால் சம்பந்தப்பட்டவரிடம் போய்க் கேட்பது என்று வைத்திருக்கிறேன்." குறை உண்மையானது, இடித்த இடம் தெரிகிறது, இப்போதைய பழக்கத்தை ஒருவர் சரிபார்க்கவும் முடியும். ஒன்றே ஒன்றில் கவனம்: அந்த வேலைக்கே அடிப்படையான திறனைக் குறையாகச் சொல்லக்கூடாது. கணக்கு வேலைக்குப் போகிறவர் எண்களில் கவனம் சிதறும் என்று சொன்னால் எந்த வடிவமும் காப்பாற்றாது.

'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பதற்கு, இப்போது என்ன செய்கிறேன், இதற்கு முன் எது என்னை இதற்குத் தயார்ப்படுத்தியது, ஏன் இந்த வேலை என்ற வரிசையில் ஒரு நிமிடம் போதும். விண்ணப்பத்தில் இருப்பதைப் பிறந்த ஊரிலிருந்து வாசிக்கத் தேவையில்லை. உங்கள் சிறந்த கதையின் ஒரு வரியை இதில் போட்டு வைத்தால், 'அந்த பில் விஷயம் சொன்னீங்களே' என்று அவர்களே அங்கே வருவார்கள். 'ஏன் இந்த வேலை?' என்பதற்கு அவர்கள் அறிவிப்பில் உள்ள ஒரு கடமை, அதற்குப் பொருந்தும் உங்கள் அனுபவம், அதில் நீங்கள் இன்னும் கற்க விரும்புவது, இவ்வளவுதான். 'ஐந்து வருடத்தில் எங்கே இருப்பீர்கள்?' என்பதற்குப் பெரிதாக மெனக்கெட வேண்டாம். இந்த வேலையிலிருந்து இயல்பாகப் போகக்கூடிய அடுத்த படியைச் சொன்னால் போதும்.

'இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள்?' என்று இனி நடக்கக்கூடியதை வைத்துக் கேட்டால் நான்கு பகுதி வடிவம் பொருந்தாது, ஏனென்றால் விளைவு என்று ஒன்று இன்னும் நடக்கவில்லை. பலர் இங்கே நேராகத் தீர்வுக்குத் தாவுகிறார்கள். முதலில் எதைத் தெரிந்துகொள்வேன், யாரிடம் சொல்வேன், என்ன செய்வேன், அது பலிக்காவிட்டால் அடுத்தது என்ன என்று போக வேண்டும். மாதக் கடைசியில் ஒரு சப்ளையர் பணம் வரவில்லை என்று கோபமாகப் போன் செய்கிறார் என்றால், 'உடனே பணம் அனுப்பிவிடுவேன்' என்பது மோசமான பதில். பில் எண்ணைக் கேட்டு அது எந்த நிலையில் நிற்கிறது என்று பார்ப்பேன், எப்போது திரும்ப அழைப்பேன் என்று நேரம் சொல்வேன், நிற்கும் இடத்துக்குரியவரிடம் பேசுவேன், சொன்ன நேரத்தில் முடிவு தெரியாவிட்டாலும் அழைத்துச் சொல்வேன் என்பது நல்ல பதில். அதே மாதிரி முன்பு நடந்திருந்தால் கடைசியில் ஒரு வாக்கியம் சேர்க்கலாம்.

வேலை அனுபவமே இல்லாதவர்கள் இதெல்லாம் நமக்கில்லை என்று நினைக்க வேண்டாம். கல்லூரி புராஜெக்ட், பகுதி நேர வேலை, ஒரு நிகழ்ச்சியை நடத்திக் கொடுத்தது எல்லாம் சரக்குதான். தாளில் கேட்பது காரணத்தைக் கண்டுபிடித்தாரா என்பதுதான், பதவிப் பெயர் அல்ல. ஆனால் ஐந்து பேர் சேர்ந்து செய்த புராஜெக்டில் உங்கள் பங்கு எது என்று பிரித்துச் சொல்ல வேண்டும். பணிவு காரணமாக 'நாங்கள் செய்தோம்' என்றே பேசுகிறவர்கள் நிறைய. குழுவை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அப்புறம் 'அதில் நான்' என்று தொடங்கினால் பணிவும் கெடாது, எழுதுபவருக்கும் விவரம் கிடைக்கும்.

இது எல்லா இன்டர்வியூவுக்கும் ஒரே மாதிரி பொருந்தாது. மதிப்பெண் தாள் எதுவும் இல்லாமல் பேசிப் பார்த்து முடிவெடுக்கிற இடங்கள் ஏராளம். அங்கே இரண்டு நிமிடப் பதில் பிரசங்கம் மாதிரி ஆகிவிடும். விளைவையும் செயலையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லி நிறுத்துங்கள், மேலே தெரிய வேண்டும் என்றால் அவரே கேட்பார். கேமரா முன் தனியாகப் பேசிப் பதிவுசெய்து அனுப்பும் இன்டர்வியூவில் இதற்கு நேர் எதிர். குறுக்கே கேட்க ஆள் இல்லை, அதனால் அந்த நான்கு குறுக்குக் கேள்விகளுக்கான பதிலும் முதல் தடவையே உள்ளே இருக்க வேண்டும், அதுவும் திரையில் காட்டும் நேரத்துக்குள். தொழில்நுட்பச் சுற்றில் கணக்கோ வரைபடமோ போட்டுக் காட்டச் சொன்னால் இந்த வடிவத்துக்கு வேலையே இல்லை. அப்புறம், நன்றாகப் பதில் சொன்ன பிறகும் அந்த வேலைக்கு உள்ளிருந்தே ஆள் முடிவாகியிருக்கலாம், பதவியே நிறுத்தப்பட்டிருக்கலாம். அதனால் கிடைத்ததா இல்லையா என்பதை வைத்து உங்கள் பதிலை எடை போடாதீர்கள். எந்த இடத்தில் எந்தக் குறுக்குக் கேள்வி வந்தது என்பதை வெளியே வந்ததும் எழுதி வையுங்கள். உங்கள் இரண்டு இன்டர்வியூவிலும் 'நீங்க என்ன பண்ணீங்க' என்றே வந்திருப்பதால், அடுத்ததற்கு முன் புதிய கேள்வி எதையும் படிக்க வேண்டாம். அங்கே சொன்ன அதே கதையை எடுத்து, எதைப் பார்த்து முடிவெடுத்தீர்கள், யார் தடுத்தார்கள் என்ற இரண்டை மட்டும் நிரப்புங்கள்.